எதைச் சரிசெய்வது?

சென்ற பருவத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை என் நெறியாளருடன் ஏறக்குறைய ஐம்பது நிமிடங்கள் உரையாடினேன். அவர் தமிழரல்லர்; எங்கள் பேச்சு ஆங்கிலத்தில்தான் நடக்கும். நான்காம் இயலின் அட்டவணையில் தொடங்கினோம். நேர்காணப்பட்டோர் 212 பேர் என்று உரையில் எழுதியிருந்தேன். அட்டவணையின் கூட்டுத்தொகையோ 221. ஒன்பது பேர் எங்கிருந்து வந்தனர் என்று தேடியபோது, புலம்பெயர்ந்தோர், உள்ளூர்வாசிகள் என்ற இரு வகைகளிலும் அவர்கள் எண்ணப்பட்டிருந்தது தெரிந்தது. அங்கிருந்து பேச்சு வகைப்பாடுகளின் வரலாற்றுக்குப் போயிற்று. பிறகு கருத்தரங்க அறையின் பழுதான புரொஜெக்டருக்கு. இறுதியில் மாநாட்டுக்கு அனுப்பவேண்டிய ஆய்வுச்சுருக்கத்தின் தலைப்புக்கு. தலைப்பு நீளமாக இருக்கிறது என்றார் அவர். கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தவர், வாசலில் நின்று சொன்னார்: "எனிவே, ஃபிக்ஸ் இட் பை மண்டே."

சனியும் ஞாயிறும் தலைப்பைச் செதுக்கினேன். திங்களன்று அவர் கேட்டது அட்டவணையை.

தவறு எனதே என்று அன்று எண்ணினேன். இன்று அவ்வாறு எண்ணவில்லை. எனினும் என் தவறு எத்தகையது என்பதை ஆராயலாம். மொழியியல் மாணவனுக்கு இது ஓர் இலவசத் தரவு அல்லவா!

கடைசியாகச் சொல்லப்பட்ட பெயர்ச்சொல்லையே சுட்டுப்பெயர் குறிக்கும் என்ற பழக்கத்தை நான் பின்பற்றினேன். அடுத்தடுத்த இரு வாக்கியங்களுக்கு அது பெரும்பாலும் பொருந்தும்; நீண்ட உரையாடலுக்குப் பொருந்தாது. 1970களில் பார்பரா கிராஸ், காற்றழுத்தக் கருவி ஒன்றைப் பூட்டுவதற்கு வல்லுநர் ஒருவர் பயிலுநருக்கு வழிகாட்டிய உரையாடல்களை ஆராய்ந்தார். ஒரு துணைவேலை முடிந்ததும் அதிலிருந்த திருகும் சாவியும் கவனத்திலிருந்து விலகிவிடும். நெடுநேரம் பெயர் சொல்லப்படாத முழுக் கருவியைக் குறித்து, எவ்வித அறிவிப்புமின்றி, 'இட்' என்பார்கள். இதை விரித்து, கிராஸும் கேண்டஸ் சிட்னரும் 1986இல் உரையாடலின் கவனத்தை ஓர் அடுக்காக விளக்கினர்: புதிய கிளைப்பேச்சு மேலே வைக்கப்படும், முடிந்தால் எடுக்கப்படும், அடியிலிருப்பது மீண்டும் மேலே வரும். 'எனிவே' போன்ற சொற்கள் அந்த எடுத்தலின் குறிகள்.

இப்போது வாசலில் நின்ற வாக்கியத்துக்குத் திரும்புவோம். 'எனிவே' என்றதுமே தலைப்பைப் பற்றிய கிளைப்பேச்சு அகற்றப்பட்டுவிட்டது. தலைப்பையே அவர் கருதியிருந்தால் 'ஃபிக்ஸ் தட்' என்றிருப்பதே இயல்பு. இப்போதுதான் சொன்ன ஒன்றைச் சுட்ட 'தட்' போதும், 'இட்' என்பதோ இருவர் கவனத்திலும் ஏற்கெனவே நிலைத்திருப்பதை நாடும். புரொஜெக்டரைச் சரிசெய்வது என் வேலையன்று. வகைப்பாட்டின் வரலாறு சரிசெய்யக்கூடிய பொருளே அன்று. எஞ்சியது, தொடங்கப்பட்டு முடிக்கப்படாமல் கிடந்த ஒரே சிக்கல்: அட்டவணை.

இங்கும் ஒரு நுட்பம் உண்டு. 'ஃபிக்ஸ்' என்ற வினை பொருளை மட்டுமன்றிப் பழுதையும் தேடுகிறது. 221 என்பதை அழித்து 212 என்று எழுதினாலும் அட்டவணையைத் 'திருத்தியதாக'ச் சொல்லிவிடலாம். ஆனால் வகைகளின் எண்ணிக்கைகள் கூட்டுத்தொகையோடு ஒத்துவரா. அவர் கேட்டது அந்த ஒன்பது பேரை எந்த வகையில் சேர்ப்பது என்ற முடிவை. அதற்கு எங்கள் பேச்சில் ஒரு பெயர்ச்சொல்லே இருக்கவில்லை. தமிழில் இந்த இடர் இன்னும் கூடும். 'திங்களுக்குள் சரிசெய்துவிடு' என்றால் செயப்படுபொருளே வாக்கியத்தில் இல்லை, கேட்பவரே நிரப்பிக்கொள்ள வேண்டும்.

ஆனால் அடுக்குக் கோட்பாடு மனித நினைவை மிகவும் நம்புகிறது. அடுக்குக்குப் பதிலாகச் சிறு கொள்ளளவுள்ள தற்காலிக நினைவகத்தை 1996இல் மேரிலின் வாக்கர் முன்வைத்தார். நீண்ட இடைவெளிக்குப் பின் பழைய பொருளுக்குத் திரும்பும் பேச்சாளர்கள் அதை ஒருமுறை மீண்டும் சொல்லிக்கொள்வது இதனால்தான். என் நெறியாளர் அந்த ஒரு சொல்லைச் சொல்லவில்லை. அவர் மனத்தில் அட்டவணை ஐம்பது நிமிடமும் அகலாமல் இருந்திருக்கும். என் மனத்தில் அது எப்போதோ வெளியேறிவிட்டது. ஆகவே சுமையின் பெரும்பகுதி சொன்னவருடையது என்பதே என் துணிபு. நம் துறைகளில் அது வழக்கமாக மாணவர் தலையில்தான் விழுகிறது, 'எதை?' என்று கேட்பது கவனமின்மையின் அடையாளமாகக் கொள்ளப்படுவதால் யாரும் கேட்பதில்லை.

இப்போது நான் 'எதை?' என்று கேட்பதில்லை. என் ஊகத்தையே சொல்லிவிடுகிறேன். சென்ற வாரமும் அதே வாசல், அதே வாக்கியம். "அந்த ஒன்பது பேரைத் தனி வகையாக்குவதைத்தானே சொல்கிறீர்கள், சார்?" என்றேன். "இல்லை, அடிக்குறிப்பை" என்றார்.