எல்லாவற்றுக்கும் மூலம் என்று பெயர் வைக்காதீர்கள்

சாப்பிடும் நேரமென்றால் அப்புறம் படியுங்கள். இது வெளிக்குப் போகிற விஷயம். முப்பத்தைந்து வருஷம் வகுப்பில் கூச்சப்படாமல் உடற்கூறு நடத்தியவன், இப்போது மட்டும் எதற்குக் கூச்சப்பட வேண்டும்?

என் மனைவியின் அண்ணனைப் பற்றி எழுதுகிறேன். அவரே "எழுதுங்க மாப்ளே" என்று சொல்லிவிட்டார். வயது 58. விடியற்காலையில் ஒருமுறை போனால் அன்றைக்கு முடிந்தது என்று இருந்தவர். போன ஆடியில் அது மூன்று நான்கு தடவை ஆயிற்று. போய்விட்டு வந்தாலும் இன்னும் மிச்சம் இருப்பதுபோல ஓர் உணர்வு. திரும்பப் போனால் கொஞ்சம் சளி மட்டும், சில நாள் லேசாக ரத்தம். வீட்டில் எல்லோரும் சேர்ந்து மூலம் என்று தீர்ப்பு எழுதினோம். நானும்தான். துத்திக்கீரை வதக்கல், கருணைக்கிழங்கு லேகியம், மோர். பிறகு ஒருவரிடம் போனார்; அவரும் கேட்டதோடு சரி, மருந்து எழுதினார். நடுவில் ஒரு வயிற்று ஸ்கேன் எடுத்து, "நார்மல்" என்று வந்ததும் நிம்மதியாகிவிட்டோம்.

அந்த நிம்மதிதான் எங்களைக் கெடுத்தது. வயிற்றின் மேல் வைத்து எடுக்கிற அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் கல்லீரலை, பித்தப்பையை, சிறுநீரகத்தை நன்றாகக் காட்டும். காற்றும் மலமும் இருக்கிற குடலின் உள்சுவரைக் காட்டாது. "முழு உடல் பரிசோதனை" பேக்கேஜ் போட்டுவிட்டேன் என்று பெருமையடிக்கிறவர்களும் அதில் குடலை உள்ளே பார்க்கிற பரிசோதனை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தை மாதம் வேறொரு டாக்டர், கையுறை போட்டு ஆசனவாயில் விரல் விட்டுப் பார்த்தார். இரண்டு நிமிஷம். விரல் நுனிக்கு எட்டுகிற இடத்தில் கெட்டியாக ஒரு கட்டி. பிறகு கொலனோஸ்கோபி, சதை எடுத்துச் சோதனை. மலக்குடல் புற்றுநோய், பக்கத்து நிணநீர் முடிச்சுகளுக்கும் போயிருந்தது. முதலில் கதிர்வீச்சும் மாத்திரையும், அப்புறம் ஆபரேஷன். இப்போது வயிற்றில் பை மாட்டியிருக்கிறார், தற்காலிகம் என்கிறார்கள். ஆறு மாதத்தை நாங்கள் கீரைக்குக் கொடுத்தோம்.

மூலமும் ரத்தம் காட்டும். மூலமும் கட்டியும் ஒரே ஆளுக்கு இருக்கவும் இருக்கும். ஆனால் எத்தனை தடவை போகிறோம் என்கிற பழக்கத்தையே வெறும் மூலம் மாதக்கணக்கில் மாற்றிப் போடுவது வழக்கமில்லை. வயது 45, 50 தாண்டியவருக்குப் புதிதாக வந்த மாற்றம் ஐந்தாறு வாரமாகியும் பழையபடி திரும்பவில்லை என்றால், அது பேதியோ, மலச்சிக்கலோ, மலம் மெலிந்து வருவதோ, உள்ளே பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். பெரும்பாலும் புற்றுநோயாக இருக்காது. சர்க்கரைக்குப் போடும் மெட்ஃபார்மின் மாத்திரையே சிலருக்கு வயிற்றைக் கலக்கும், தைராய்டாலும் வரும். பார்த்துவிட்டு அப்படிச் சொல்லட்டும். "வயசானா அப்படித்தான்" என்பதை நான் ஏற்க மாட்டேன். ரத்தம் குறைந்து, காரணம் தெரியாமல் இரும்புச்சத்து மாத்திரை மட்டும் விழுங்கிக்கொண்டிருக்கும் ஆண்களும், மாதவிலக்கு நின்ற பெண்களும் இதே வரிசையில்தான். குடலின் வலப்பக்கக் கட்டி, பழக்கத்தை மாற்றாமலே சத்தமின்றி ரத்தம் கசியவிடும்.

இதுவரை சொன்னது தொந்தரவு உள்ளவர்களுக்கு. ஸ்கிரீனிங் என்பது ஒரு தொந்தரவும் இல்லாதவருக்கு. இரண்டையும் குழப்பாதீர்கள். இங்கிலாந்தில் 50 வயது முதல் மலத்தில் ரத்தம் தேடும் பெட்டியை வீட்டுக்கே தபாலில் அனுப்புகிறார்கள். அமெரிக்காவில் 45 வயதிலேயே தொடங்கச் சொல்கிறார்கள். நம் அரசுத் திட்டத்தில் 30 வயது தாண்டியவர்களுக்கு வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய மூன்றைத்தான் தேடுகிறார்கள். நம்மிடம் குடல் புற்றுநோய் அங்கத்தைவிடக் குறைவு என்பதால் அதில் நியாயமும் உண்டு. ஆனால் ஒரு குடும்பத்தில் ஒருவருக்கு வந்துவிட்டால் அந்தக் குறைவுக் கணக்கு அந்தக் குடும்பத்துக்குச் செல்லாது. பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் 40 வயதில், அல்லது நோய் கண்ட வயதுக்குப் பத்து ஆண்டு முன்பு, எது முந்தியதோ அப்போதே கொலனோஸ்கோபி செய்துகொள்ள வேண்டும்.

காரணம் எளிது. பெரும்பாலான கட்டிகள் முதலில் பாலிப் என்கிற சிறு சதைமொட்டாக இருந்து, பல ஆண்டு கழித்தே புற்றாகின்றன. அந்தச் சமயத்தில் குழாய் விட்டுப் பார்க்கும்போதே கம்பிக் கண்ணி போட்டு நறுக்கிவிடலாம்.

மாசியில் என் மனைவியை அழைத்துப் போனேன். அவளுக்கு 55. ஒரு தொந்தரவும் இல்லை. முதல்நாள் கஞ்சித் தண்ணீரும், குடலைக் கழுவுகிற அந்த உப்பு மருந்தும்தான் கஷ்டம். மறுநாள் அரைமணிக்கும் குறைவு, மயக்க ஊசியில் ஒன்றும் தெரியவில்லை. ஒரு பாலிப் இருந்தது. எடுத்துவிட்டார்கள். அடுத்து எப்போது வரவேண்டும் என்பதைச் சோதனை முடிவு பார்த்துச் சொன்னார்கள்.

வெளிநாட்டில் இருக்கும் கடைசி மச்சினனுக்கு இதைப் படிக்கும்போது 46. போன வாரம் போனில், "எனக்கு ஒண்ணும் இல்லையே அத்தான்" என்றாய். உன் அக்காவும் அதைத்தான் சொன்னாள். ஆறு வருஷம் ஏற்கெனவே தாமதம், தம்பி. லீவு எப்போது என்று கீழே எழுது, நான் டாக்டரிடம் நேரம் கேட்டு வைக்கிறேன்.