ஒரு சொட்டும் வீணாகக் கூடாதாம்!

மழை நாலு தூறல் போட்டா போதும், பட்டணத்து நண்பர்கள் வாட்சப்ல ஆரம்பிச்சுடுவாங்க. பாலாத்துல தண்ணி ஓடுற வீடியோ ஒண்ணு, அதுக்குக் கீழ "இவ்வளவு தண்ணியும் வீணா கடலுக்குப் போகுது, நம்ம விவசாயிங்க எப்பதான் திருந்துவாங்களோ" ன்னு ஒரு வரி. மழைநீர் சேகரிப்புன்னா 2003-ல அம்மா ஆட்சியில வீட்டுக்கு வீடு குழாய் இறக்கினது ஞாபகம் வருது அவங்களுக்கு. தப்பில்ல. கொட்டுற மழையை மொட்டை மாடியிலேர்ந்து கெணத்துல விடுறது சென்னைக்கு நல்ல வேலைதான். அதே புத்திமதிய அப்படியே தூக்கிக்கிட்டு ஆம்பூர் பக்கம் வந்தா எனக்கு ஆத்தாமையா இருக்கு. அதனாலதான் இந்தப் பதிவு.

நான் இருக்கறது ஆம்பூருக்கும் மாதனூருக்கும் நடுவுல. ரெண்டரை ஏக்கர், ஒரு கெணறு, ஒரு போர். 2019-லேர்ந்து எங்களை திருப்பத்தூர் மாவட்டம்ங்கறாங்க. பழக்கத்துல நாங்க இன்னும் வேலூர்க்காரங்கதான். எங்க பக்கம் ஒரு சொட்டு தண்ணி கூட கடலுக்குப் போகக் கூடாதுன்னு யாராவது சொன்னா நான் எதிர்த்துதான் பேசுவேன். கொஞ்சம் போகணும். போயே ஆகணும். ஏன்னு சொல்றேன்.

முதல்ல கணக்கு. எங்க பக்கம் வருஷத்துக்கு சுமாரா 950 மில்லிமீட்டர் மழை. ஒரு ஏக்கர்ல அது 38 லட்சம் லிட்டர். கேக்க பெருசா இருக்கு இல்லையா? ஆனா எங்க பூமி பாறை. மேல கொஞ்சம் மண்ணு, அதுக்குக் கீழ உளுத்த கல்லு, அதுக்கும் கீழ கருங்கல்லு, அதுல அங்கங்க வெடிப்பு. பெய்யுற மழையில பத்துல ஒரு பங்கு கீழ இறங்கினா அதுவே பெரிய விஷயம். அதாவது நாலு லட்சம் லிட்டருக்கு உள்ள. ஒரு ஏக்கர் நெல்லுக்கு ஒரு போகத்துக்கு 48 லட்சம் லிட்டர் வேணும். வயல்லயே பெய்யுற மழையையும், பாய்ச்சின தண்ணியில திரும்ப ஊறுறதையும் கழிச்சாலும், ஒருத்தன் நெல்லு பல ஏக்கரோட ஊத்தை உறிஞ்சுது. 1990-லேர்ந்து விவசாயத்துக்கு கரண்டு இலவசம். போர் 300 அடியில வத்தினா 600, அதுவும் வத்தினா 900. வெடிப்புல பல வருஷமா சேர்ந்த தண்ணி அது, ஒரு மழைக்கு நிரம்பாது. இதுல எங்க மேலயும் குத்தம் இருக்கு, அதை நான் மறைக்கல. தண்ணி உள்ள இறங்குற வேகத்தை விட மோட்டார் வேகம் அதிகமா இருக்கற வரைக்கும், நீங்க எத்தனை உறிஞ்சு குழி வெட்டினாலும் அது பக்கத்துக் காட்டு போருக்கு தீனி போடுறதுதான்.

ஆனா இது தமிழ்நாடு முழுக்க இருக்கற கதை. எங்க கதைக்கு ஒரு அடுக்கு கூட உண்டு. உப்பு.

பச்சைத் தோல் அழுகாம இருக்க உப்பு போடுவாங்க. தோல் எடையில மூணுல ஒரு பங்குக்கும் மேல. தோல் ஷாப்புக்கு (எங்க ஊர்ல தொழிற்சாலைன்னு யாரும் சொல்றதில்ல, ஷாப்புதான்) வந்ததும் முதல் வேலை அந்த உப்பை ஊற வெச்சு கழுவுறது. ஒரு கிலோ தோல் பதமாகி வெளிய வர்றதுக்குள்ள முப்பது நாப்பது லிட்டர் தண்ணி போகும். எல்லாரும் குரோமியம் குரோமியம்னு பயப்படுறாங்க. பயப்பட வேண்டியதுதான். ஆனா தோலுக்குப் போடுற வகை குரோமியம் பெரும்பாலும் சேத்துலயும் மண்ணுலயும் ஒட்டிக்கிட்டு நிக்கும். உப்பு நிக்காது. தண்ணி எங்க போகுதோ அங்க கூடவே போகும். பாக்டீரியா தின்னாது, வெயில்ல ஆவியாகாது. பொது சுத்திகரிப்பு நிலையம் வந்தப்போ நாத்தம் குறைஞ்சது, உப்பு அப்படியே வந்தது. பிற்பாடு சவ்வு வெச்சு வடிகட்டி, மிச்சத்தை காய்ச்சி உப்பாவே பிரிக்கணும்னு வந்துச்சு. பிரிச்ச உப்பை எங்க கொண்டு போறது? மூட்டை மூட்டையா கொட்டகையில கிடக்கு. தார்ப்பாய் கிழிஞ்சா மழை அதை கரைச்சு பழைய இடத்துக்கே கொண்டு வரும்.

1996 ஆகஸ்ட் 28-ந் தேதி உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்குல தீர்ப்பு சொன்னது. கெடுத்தவன்தான் சரி பண்ற செலவையும் கொடுக்கணும்ங்கறது இந்தியாவுல சட்டமா நின்னதுக்கு எங்க ஆறுதான் காரணம். அப்புறம் சூழல் இழப்பு ஆணையம் வந்து, 2001-ல பாதிக்கப்பட்டவங்க 29,193 பேர்னும், கெட்ட நிலம் 15,000 ஹெக்டேருக்கு மேலன்னும் கணக்கு எடுத்தது. 2025 ஜனவரி 30-ந் தேதி மறுபடியும் உச்ச நீதிமன்றமே பாலாறு பத்தி தீர்ப்பு எழுத வேண்டி வந்துச்சு. நடுவுல 28 வருஷம். அன்னிக்கு பொறந்த பிள்ளைக்கு இன்னிக்கு பிள்ளை இருக்கும். ஆம்பூரும் வாணியம்பாடியும் வேலூரும் இன்னிக்கு மேட்டூர்லேர்ந்து வர்ற காவேரித் தண்ணிய குடிக்குது. ஊர் நடுவுல ஆறு.

இப்போ மழைநீர் விஷயத்துக்கு வர்றேன். 2021 நவம்பர்ல பாலாத்துல வெள்ளம் வந்துச்சே, அப்போ எங்க கெணறு 60 அடியும் நிரம்பி கைக்கு எட்டுற மாதிரி வந்துச்சு. பென்சில் மாதிரி இருக்குமே டிடிஎஸ் மீட்டர், அதை மேல் தண்ணியில வெச்சேன். 800 காட்டுச்சு. ஊரே வந்து பார்த்தது, ஒரு பெரியவர் கையால அள்ளி குடிச்சார். நான் ஒரு பாட்டில்ல கல்லு கட்டி, மூடிக்கு தனியா ஒரு கயிறு கட்டி, அடி வரைக்கும் இறக்கி அங்க மூடிய இழுத்தேன். மேல கொண்டு வந்து பார்த்தா 3,400. நல்ல தண்ணி லேசு, உப்புத் தண்ணி கனம். ஒண்ணு மேல ஒண்ணு நிக்கும், எண்ணெயும் தண்ணியும் மாதிரி இல்லேன்னாலும் ரொம்ப நாள் நிக்கும். மார்ச்சுல மோட்டார் ஓட்டி ஓட்டி மட்டம் இறங்கினப்போ, சுத்தி இருக்கற பூமியிலேர்ந்து பழைய தண்ணி கெணத்துக்குள்ள வந்துச்சு. ஏப்ரல்ல மேலயும் 2,900. ஒரு மழை கெணத்தைத்தான் கழுவும், பூமிய கழுவாது. "மீள்நிரப்பு செஞ்சோம், உப்பு பாதியா குறைஞ்சது" ன்னு யாராவது போட்டோ போட்டா, எந்த மாசம் எடுத்தீங்க, எத்தனை அடியில எடுத்தீங்கன்னு ரெண்டே கேள்வி கேளுங்க.

அப்போ பூமிய எது கழுவும்? ஓடுற ஆறு கழுவும். வெள்ளம் வர்றப்போ மணல் வழியா தண்ணி ரெண்டு கரையிலும் ஊறும். வெள்ளம் வடிஞ்சதும் அதே தண்ணி உப்பையும் இழுத்துக்கிட்டு ஆத்துக்கு திரும்பும். ஆறு அதை கீழ கொண்டு போகும். உப்புக்கு இந்த ஊரை விட்டு வெளிய போக இருக்கற ஒரே வாசல் அதுதான். அந்த வாசல்ல நாலு கிலோமீட்டருக்கு ஒரு தடுப்பணை போட்டு, எல்லாத்தையும் தேக்கி, தேக்கினதை நாமளே இறைச்சு வயல்ல ஊத்தினா என்ன ஆகும்? தண்ணி ஆவியாகும், உப்பு மண்ணுலயே தங்கும். அடுத்த மழையில திரும்ப கீழ இறங்கும். வெளிய போக வழியில்லாம ஒரே உப்பு சுத்திச் சுத்தி வரும். ஆந்திராக்காரன் 2016-ல புல்லூர்ல தடுப்பணை உயரத்தை ஏத்தினப்போ நாம எல்லாரும் கத்தினோம். கத்தினது நியாயம். ஆனா அவன் பண்ணினதையே நம்ம எல்லைக்குள்ள நாம பண்ணினா அதுக்குப் பேரு நீர் மேலாண்மையாம்! கீழ இருக்கற வாலாஜாவும் காஞ்சிபுரமும் நம்மளப் பார்த்து என்ன கத்தணும்?

இன்னொரு கொடுமை, போர்லயே நேரா மழைத் தண்ணிய விடுற வேலை. எங்க ஊர் ரோட்டுக் கால்வாய்ல ஓடுற முதல் மழையில ஷாப்பு முத்தத்து உப்பும் சாக்கடையும் கலந்துதான் வரும். மண்ணு வழியா மெதுவா இறங்கினா கிருமியும் சேறுமாவது நிக்கும். குழாய் போட்டு 400 அடிக்கு இறக்கினா எதுவும் நிக்காது. கீழ மிச்சமிருக்கற சுமாரான தண்ணியும் போச்சு. கெட்ட கெணத்தை இறைச்சுக் கொட்டலாம், கெட்ட பாறை வெடிப்பை எதை வெச்சு இறைக்கறது? சில இலவசத் திட்டத்துக்காரங்க எங்க பக்கத்து நிலத்துல ரெண்டு நாள்ல இதை முடிச்சு, போர்டு நட்டுட்டுப் போனாங்க. ஜல்லி, மணல் வடிகட்டின்னு பேருக்கு ஒரு குழி. ஒரே மழையில சேறு அப்பி மூடிக்கிச்சு. மூடிக்கிட்டதே நல்லதுன்னு விட்டுட்டோம்.

உப்பு மண்ணுல பண்ணைக் குட்டை வெட்டினாலும் இதே கதைதான். சோடியம் ஏறின களிமண்ணு நனைஞ்சதும் பசை மாதிரி அடைச்சுக்கும். மூணு வாரம் தண்ணி அப்படியே கலங்கி நின்னு வெயில்ல போகும். நிக்கறதைப் பார்த்து குட்டை நல்லா பிடிக்குதுன்னு சந்தோஷப்படாதீங்க. ஊறல் குட்டைன்னா தண்ணி காணாம போகணும். ஒரு குச்சியில அடையாளம் வெச்சுப் பாருங்க. நாளுக்கு அரை சென்டிமீட்டர் மட்டும் இறங்கினா அது முழுக்க வெயில் குடிச்சது.

அப்போ எங்கதான் இறக்கணும்? மேல. ஜவ்வாது மலை அடிவாரத்துல, கானாறு ஊருக்குள்ள வர்றதுக்கு முன்னாடி. அங்க கல்லடுக்கு போடுங்க, உறைகிணறு வெட்டுங்க. கணியம்பாடி பக்கம் நாகநதியில நூறு நாள் வேலைப் பொம்பளைங்க உறை இறக்கி அதைத்தான் செஞ்சாங்க. அங்க மண்ணு சுத்தம், தண்ணியும் சுத்தம். கீழ தோல் ஷாப்பு பகுதியில வீட்டுக் கூரைத் தண்ணிய, முதல் ரெண்டு மழை விட்டுட்டு, திறந்த கெணத்துல விடுங்க. அதுக்கு மேல வேண்டாம்.

ஏரிக்கும் இதே சங்கதி. முதல் வரத்துத் தண்ணிய மதகு திறந்து விட்டுட்டு, ரெண்டாவது வரத்தைப் பிடிக்கணும்ங்கறது என் கட்சி. போன கூட்டத்துல இதைச் சொன்னப்போ ஆயக்கட்டுக்காரங்க சண்டைக்கு வந்துட்டாங்க. ஒரு அண்ணன் கேட்டார்: "ரெண்டாவது வரத்து வரலேன்னா எம் பயிருக்கு நீயா தண்ணி ஊத்துவ?" அவர் கேட்டதுல நியாயம் இருக்கு. மழை குறைஞ்ச வருஷத்துல அந்த முதல் தண்ணிதான் மொத்தத் தண்ணியும். அந்த நஷ்டத்தை அவர் ஏன் தாங்கணும்? உப்பு அவர் போட்டதா? கெடுத்தவன் கொடுக்கணும்னு சட்டம் சொல்லுதுல்ல, மதகு திறந்து விட்ட வருஷத்துக்கு ஆயக்கட்டுக்கு பயிர் இழப்பு அந்தப் பணத்துல வரட்டும். இதைத்தான் மனுவா எழுதியிருக்கோம்.

ஷாப்பை எல்லாம் மூடுன்னு நான் சொல்லல. என் தங்கச்சி மருமக செருப்புக் கம்பெனியில தையல் மிஷின்ல உக்காந்துதான் ரெண்டு பிள்ளைங்கள படிக்க வைக்குது. விவசாயத்துல அந்த மாசச் சம்பளம் வராது. ஆனா உப்பை பூமிக்குள்ள அனுப்பிட்டு, எங்கிட்ட வந்து மழைத் தண்ணிய விட்டுக் கலக்கிக்கோன்னு சொல்றது மட்டும் கூடாது. கூரைக்கு அடியில உப்பை உதறி எடுத்தா தண்ணியில கரையற உப்புல ஒரு பங்கு முன்னாடியே நின்னுடும். குளிர்சாதனத்துல வெச்ச பச்சைத் தோலுக்கு உப்பே குறைவாத்தான் வேணும். இதெல்லாம் தெரிஞ்ச வேலை, செலவுதான் யாருதுன்னு தகராறு.

மனுவோட கெணத்து அளவையும் சேர்த்திருக்கோம். பதினோரு கெணறு, மேல் மட்டம் அடி மட்டம் ரெண்டும், ஆகஸ்ட்லேர்ந்து ஏப்ரல் வரைக்கும் மாசா மாசம். அடுத்த முறை பாலாறு வீடியோ அனுப்புற நண்பர்களுக்கு பதிலா அந்தப் பட்டியலையே போட்டோ எடுத்து அனுப்பறதா இருக்கேன்.