எதிரியின் கோணல் நடை

கணிப்பொறி விளையாட்டில் நம்மைத் துரத்தும் எதிரி, வெட்டவெளியிலும் மூலைவாட்டில் சென்று திடீரென நேராகத் திரும்புகிறான். பழியை ஏ-ஸ்டார் முறையின்மீது போடுகிறோம். நடந்த தூரத்தோடு மீதித் தூரத்தின் மதிப்பீட்டைக் கூட்டி, குறைந்த தொகையுள்ள கட்டத்தை முதலில் ஆராயும் அம்முறை 1968-இல் வெளியானது. குற்றம் அதனுடையதன்று, கட்டங்களுடையது என்பதே என் துணிபு.

எதிரி கிழக்கே 6, வடக்கே 3 கட்டங்கள் செல்லவேண்டும் என்று கொள்வோம். எட்டுத் திசைகளில் மட்டுமே நகரலாம் என்பதால், மூலைவாட்டில் மூன்று அடியும் நேராக மூன்று அடியும் வைக்கவேண்டும். நீளம் ஏறத்தாழ 7.24. அடிகளை எவ்வரிசையில் வைத்தாலும் நீளம் மாறாது. அத்தகைய பாதைகள் 20. ஏ-ஸ்டார் அவற்றுள் ஒன்றைத் தருகிறது. மனிதனோ 6.71 நீளமுள்ள நேர்கோட்டில் நடப்பான். அக்கோடு கட்டங்களின் கணக்கிலேயே இல்லையே!

பாதை கிடைத்தபின், இடையே சுவரில்லாத புள்ளிகளை நேர்கோட்டால் இணைத்து, நடுப்புள்ளிகளை நீக்கிவிட்டால் நடை திருந்தும். தேடும் முறையைத் தூற்றுவது வீண்.