மிதக்கும் தம்பியும் காற்றின் கையொப்பமும்

2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூர்த் தெருக்களில் படகு விட்ட கதையை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். அந்த வெள்ளத்தைப் பற்றி எங்கள் தெரு மாணவி ஒருத்தி பள்ளிக் கண்காட்சிக்காக ஒரு படம் தயாரித்தாள். வெள்ளத்தன்று மழையில் எடுத்த தெருப்படத்தின்மேல், அளவுகோல் பிடித்து நிற்கும் தம்பியின் படத்தை வெட்டி ஒட்டினாள். தம்பியை எடுத்ததோ மொட்டை மாடியில், நல்ல வெயிலில்!

“ஓரமெல்லாம் சுத்தமாகத்தான் வெட்டினேன் சார். ஆனாலும் தம்பி தண்ணீரில் நிற்கவில்லை, காற்றில் மிதக்கிறான்” என்றாள்.

குறை கத்தரியில் இல்லை, கருமையில் இருந்தது. மழைநாளில் காற்றில் நிறைந்துள்ள நீர்த்துளிகள் ஒளியை நாற்புறமும் சிதறடிக்கின்றன. நமக்கும் எதிரே உள்ள கறுப்புக் குடைக்கும் இடையில் சிதறும் ஒளியில் ஒரு பங்கு கேமராவுக்குள் வந்துவிடுகிறது. ஆகவே படத்தில் குடை கறுப்பாக விழாமல் சாம்பலாக விழுகிறது. வெயில் படத்தில் இந்த ஒளிப்பூச்சு இல்லாததால் தலைமுடி கன்னங்கரேல் என்று இருக்கும். இரண்டும் ஒரே காற்றில் நிற்பவை அல்ல என்பதை நம் கண் உடனே கண்டுகொள்கிறது.

இதை அளந்து காட்டுவதுதான் ஹிஸ்டோகிராம். உங்கள் கணக்குப் பாடநூலில் வரும் நிகழ்வுச் செவ்வகமே இது. 0 (முழுக் கறுப்பு) முதல் 255 (முழு வெள்ளை) வரை ஒவ்வொரு ஒளிர்வு எண்ணிலும் படத்தின் எத்தனை புள்ளிகள் உள்ளன என்று அது காட்டும். மேடு தொடங்கும் இடது ஓரத்தைக் கருமை எல்லை என்றும், முடியும் வலது ஓரத்தை வெண்மை எல்லை என்றும் கொள்வோம்.

தம்பியின் படத்தில் தலைமுடி 4, வெள்ளைச் சட்டை 252. தெருப்படத்தில் அவனை நிறுத்த வேண்டிய தூரத்திலேயே ஒருவர் பிடித்திருந்த குடை 48, பக்கத்து வெள்ளைச் சுவர் 205. எனவே தம்பியின் 4ஐ 48ஆகவும் 252ஐ 205ஆகவும் மாற்ற வேண்டும்:

புதிய எண் = 48 + (பழைய எண் − 4) × 157 ÷ 248

நடுவிலுள்ள 128ஐ இதில் இட்டுப் பாருங்கள். ஏறக்குறைய 127 வரும். நடு ஒளிர்வு அசையவில்லை. இரு முனைகள் மட்டுமே உள்ளே வந்திருக்கின்றன! கிம்ப் என்ற இலவச மென்பொருளில் Colors பட்டியில் Levels என்பதைத் திறந்து, Input Levels வரிசையில் 4, 252 என்றும் Output Levels வரிசையில் 48, 205 என்றும் இட்டால் இந்தக் கணக்கை அதுவே செய்துவிடும். மழைநாள் கறுப்பில் சற்று நீலம் கலந்திருப்பதால், சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் தனித்தனியே எல்லைகளைப் பொருத்துவது இன்னும் நல்லது.

இங்கே பலர் தவறும் இடம் ஒன்று உண்டு. தெருப்படம் முழுவதன் ஹிஸ்டோகிராமைப் பார்த்தால், இடது ஓரத்தில் இருப்பது கேமராவுக்கு மிக அருகிலுள்ள பொருளாகவும், வலது ஓரத்தில் இருப்பது வானமாகவும் இருக்கக் கூடும். தூரம் கூடக்கூட இடையிலுள்ள காற்றும் கூடும், கறுப்பும் வெளுக்கும். ஆகவே ஒரே தூரத்திலுள்ள பொருள்களையே ஒப்பிட வேண்டும். சரிபார்க்கவும் வழி உண்டு. படம் முழுவதற்கும் Input Levels இடது எண்ணைத் தற்காலிகமாக 45 ஆக்குங்கள். தம்பியின் தலை மட்டும் கரிக்கட்டை ஆனால் பொருத்தம் சரியில்லை. நிழலின் திசையையோ, கால் நீரைத் தொடும் இடத்தையோ இந்த முறை திருத்தாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

படம் பொருந்திவிட்டது. ஆனால் என் கவலை இங்கேதான் தொடங்குகிறது. அதே வெள்ளத்தின்போது, 2015 டிசம்பர் 3 அன்று, பிரதமர் வானிலிருந்து சென்னையைப் பார்வையிடும் படம் ஒன்றை மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் வெளியிட்டது. சன்னலுக்கு வெளியே வெள்ளம் சூழ்ந்த கட்டடங்கள் பளிச்சென்று தெரிந்தன. முன்னர் வெளிவந்த படத்திலோ அதே சன்னல் வழியே மங்கலான காட்சிதான் இருந்தது. மக்கள் உடனே கண்டுபிடித்துக் கேலி செய்தார்கள். அலுவலகம் படத்தை நீக்கி, இரண்டு படங்கள் இணைக்கப்பட்டதாக விளக்கமளித்து வருத்தம் தெரிவித்தது.

அன்று நம்மை எச்சரித்தது அந்தப் பொருந்தாமைதான். மழைக்காற்றின் மங்கலையும் கணக்கிட்டுப் பொருத்தியிருந்தால் எத்தனை பேர் ஐயுற்றிருப்பார்கள்? எல்லைகளைப் பொருத்துகிறவர் பார்ப்பவரின் இயல்பான எச்சரிக்கை மணியை நிறுத்திவிடுகிறார். ஆகவே, அந்த மணிக்குப் பதிலாக ஒரு வரியை எழுதும் கடமை அவருக்கே உண்டு என்பது என் கருத்து. செய்திப் படத்திலும் ஆய்வுப் படத்திலும் இந்த ஒட்டுவேலையே கூடாது. விளக்கப் படத்தில் செய்யலாம், சொல்லிவிட்டுச் செய்யலாம்.

அந்த மாணவி படத்தின் கீழே எழுதினாள்: “தெரு, 2015 டிசம்பர். தம்பி பின்னர் ஒட்டப்பட்டவன்.”