நூற்று நாலு ரூபாய்க் கணக்கு

மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவன இயக்குநர் அவர்களுக்கு,

கொடுங்கையூரில் ஒரு மளிகைக் கடை. சாமான் 64 ரூபாய். மூன்றாம் வகுப்புச் சிறுமி நூறு ரூபாய்த் தாளை நீட்டுகிறாள். "நாலு ரூபா சில்லறை இருக்காம்மா?" என்கிறார் கடைக்காரர். அதையும் வாங்கிக்கொண்டு நாற்பதைத் திருப்பித் தருகிறார். இதே சிறுமி பள்ளியில் 100-இலிருந்து 64-ஐக் கழிக்கும்போது, கடன் வாங்கியதை மறந்து 46 என்று எழுதிவிட்டு நிமிர்வாள்.

பொருளியலாளர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ குழுவினர் கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலைபார்க்கும் பிள்ளைகளை ஆராய்ந்து, 2025-இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். வியாபாரத்தில் மனக்கணக்காகவே சரியாகச் சொன்ன பிள்ளைகள், அதே அளவுக் கணக்கைப் பள்ளிப் பாணியில் கேட்டதும் திணறினார்கள். கடைக்குப் பழகாத பள்ளிப் பிள்ளைகளுக்கோ சந்தைக் கணக்கு வரவில்லை.

ஆகவே நீங்கள் தயாரிக்கும் கணக்குப் பயிற்சித்தாளில் கடையின் பெயர் மட்டும் வந்தால் போதாது. அங்கே காசு கைமாறும் விதமும் வர வேண்டும். 'கடைக்காரர் ஏன் நாலு ரூபாய் கேட்டார்?' என்பதே அருமையான கேள்வி. 64-உடன் 6 சேர்த்து 70, இன்னும் 30 சேர்த்து 100 என்று ஏறிப்போகும் வழியையும் விடையாக ஏற்கலாம்.

சொல்லைப் பார்த்தே கணக்குப் போடும் பழக்கத்தையும் பிடித்துவிடலாம். '64 ரூபாய்க்குச் சாமான் வாங்கினாள். 36 ரூபாய் மீதி கொண்டுவந்தாள். எவ்வளவு கொண்டுபோனாள்?' 'மீதி'யைக் கண்டதும் கழிக்கிற பிள்ளை 28 என்று எழுதும். 28 ரூபாய் கொண்டுபோய் 64 ரூபாய்ச் சாமான் எப்படி வாங்கினாள் என்று ஆசிரியர் கேட்டால், அதுவே சிரித்துக்கொண்டு அழித்துவிடும்.

பேருந்துக் கணக்கில்தான் ஊரை மறந்துவிடுகிறோம். கண்ணதாசன் நகரில் அப்பா, அம்மா, பாட்டி, இந்தச் சிறுமி, நாலு வயதுத் தம்பி எல்லோரும் வெள்ளைப் பலகைப் பேருந்தில் ஏறுகிறார்கள். ஒரு டிக்கெட் 10 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஐந்து பேருக்கு 50 என்பது புத்தக விடை. 2021 மே முதல் சாதாரணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. ஐந்து வயதுக்குட்பட்ட தம்பிக்கும் இல்லை. அப்பாவுக்கு மட்டும் 10 ரூபாய். டீலக்ஸ் வந்தால் கணக்கே மாறும்: மூன்று முழு டிக்கெட், சிறுமிக்கு அரை. டிக்கெட் 20 என்றால் 70 ரூபாய். யாருக்கு டிக்கெட் வேண்டும் என்று முதலில் பிரித்துப் பார்ப்பதுதான் இங்கே பாதி வேலை.

விலைகளை அச்சிடாமல் கட்டம் விட்டுவிட்டால், ஆசிரியர் அந்த வாரத்து விலையை நிரப்பிக்கொள்வார். வாக்கியங்கள் மட்டும் சின்னதாக இருக்கட்டும். வாசிக்கத் தடுமாறும் பிள்ளைக்குக் கணக்குத் தெரியாது என்று ஆகிவிடக் கூடாது.

பங்கு பிரிக்கும் கணக்கு ஒன்று. மூன்று பேர் சேர்ந்து 40 ரூபாய்க்குப் பந்து வாங்குகிறார்கள். ஆளுக்கு 13 போட்டால் 39. மீதி ஒரு ரூபாயைச் சில்லறையாகப் பிரிக்கவும் வழியில்லை; ஐம்பது காசைக்கூடக் கடைகளில் பெரும்பாலும் வாங்குவதில்லை. கேள்வியை இப்படி முடிக்கலாம்: 'அந்த ஒரு ரூபாயை யார் போடுவது? மூவரும் பேசி முடிவு செய்து, காரணத்தோடு எழுதுங்கள்.'