கல்யாணப் பத்திரிகை... கைக்குள்ளே!

இன்ஜினீயரிங் படிக்கிற ஒரு ஜீவன் வீட்டுல இருந்தா போதும். 'தம்பி, நீதான் கம்ப்யூட்டர் படிக்கிறியே, வாட்ஸ்அப்ல போடுற மாதிரி ஒரு பத்திரிகை பண்ணிக் குடுப்பா'னு பெரியப்பா போன் போட்டுடுவார். நீங்க சிவில் டிபார்ட்மென்ட்டுனு சொன்னாலும் எடுபடாது. அதனால, காசு செலவில்லாம, கையில இருக்கிற போன்லயே அதை எப்படி முடிக்கிறதுனு இந்த வாரம் பார்த்துடுவோம்.

ஒண்ணை முதல்லயே சொல்லிடறேன். பூ, தோரணம், பிள்ளையார் படமெல்லாம் எந்த ஆப்லயும் கொட்டிக் கிடக்கு. மாட்டிக்கிற இடம் தமிழ் எழுத்து. ஆப் நல்லதா இல்லையானு அதை வெச்சுத்தான் முடிவு பண்ணணும்.

எல்லாருக்கும் தெரிஞ்சது கேன்வா. ரெடிமேட் டிசைன்கள் எக்கச்சக்கம். ஆனா இலவசக் கணக்குல மூணு விஷயம் தெரிஞ்சிருக்கணும். கிரீடம் போட்ட படத்தைத் தொட்டா, காசு கட்டாதவரைக்கும் அது மேல வாட்டர்மார்க் நிக்கும். ஒரு அளவுல ஆரம்பிச்ச டிசைனை ஒரே தட்டுல வேற அளவுக்கு மாத்துற வசதி, காசு கட்டினவங்களுக்கு மட்டும்தான். அதனால அளவை முதல்லயே முடிவு பண்ணிடுங்க. மூணாவது, உங்களுக்குப் பிடிச்ச ஃபான்ட்டை வெளியில இருந்து கொண்டுவந்து ஏத்த முடியாது. அவங்க வெச்சிருக்கிற தமிழ் ஃபான்ட்டுல ஒண்ணைத்தான் எடுக்கணும். சில சமயம் வளைவு வளைவா அழகான ஒரு ஃபான்ட்டைத் தட்டுவீங்க, தமிழ் எழுத்து அசையாம அப்படியே இருக்கும். போன்ல கோளாறு இல்லை பாஸ், அந்த ஃபான்ட்டுக்குள்ள தமிழே இல்லைனு அர்த்தம்.

இந்த மூணாவது சிக்கலுக்குத்தான் இன்னொரு ஆப். ஆண்ட்ராய்டுல PixelLab, ஐபோன்ல Phonto. ரெண்டுமே இலவசம், வெளியில இருந்து ஃபான்ட் ஏத்திக்கலாம். ஃபான்ட்டுக்கு எங்கே போறது? fonts.google.com போய், மொழியைத் தமிழ்னு வடிகட்டுங்க. தலைப்புக்கு Kavivanar, நடுவுல வர்ற வாசகத்துக்கு Mukta Malar, அச்சுப் பத்திரிகை மாதிரியே வேணும்னா Tiro Tamil. எல்லாமே சட்டப்படி இலவசம், பிரின்ட் போட்டாலும் யாரும் கேக்க மாட்டாங்க. ஜிப் ஃபைலா இறங்கும். Files ஆப்ல அதைத் தொட்டுப் பிரிச்சா, உள்ளே .ttf ஃபைல் இருக்கும். பிக்ஸல்லேப்ல ஃபான்ட் பட்டியலுக்குள்ள போய், 'My fonts' பக்கத்துல அந்த ஃபோல்டரைக் காட்டுங்க. மேட்டர் ஓவர்.

இப்ப ஒரு கல்யாணத்தை எடுத்துச் செஞ்சே பார்ப்போம். கும்பகோணத்துல கல்யாணம். அச்சகத்துல ஏற்கெனவே பத்திரிகை அடிச்சாச்சு, வாசகத்தை மெயில்ல வாங்கிட்டீங்க. போன்ல திறந்தா 'jpUkzk;'னு என்னமோ நிக்குது. வைரஸ் இல்லை, அதுதான் 'திருமணம்'! அச்சகத்துல பாமினி மாதிரி பழைய ஃபான்ட்டுல அடிச்சிருக்காங்க. அதுல ஆங்கில எழுத்து மேலயே தமிழ் உருவத்தை வரைஞ்சு வெச்சிருப்பாங்க. அந்த ஃபான்ட் இல்லாத போன்ல உள்ளே இருக்கிற ஆங்கிலம் வெளியே வந்துடுது. போன்ல இருக்கிறது யூனிகோடு, ரெண்டும் ஒட்டாது. ஒரு பக்க வாசகம்தானே, Gboard-ல தமிழ் வெச்சுத் திரும்ப அடிச்சுடுங்க.

அடுத்தது அளவு. 1500-க்கு 2100 பிக்ஸல்னு வெச்சுக்குங்க. போன்லயும் நல்லாத் தெரியும், நாளைக்கு யாராவது 'பிரின்ட் வேணும்'னா 5-க்கு 7 இன்ச் அட்டையில பிசிறில்லாம வரும். மேலே பிள்ளையார் சுழி, நடுவுல பொண்ணு மாப்பிள்ளை பேரு, கீழே நாள், முகூர்த்தம், மண்டபம். தாத்தா பாட்டியில இருந்து அத்தை மாமா வரைக்கும் நீளமா வர்ற பேரையெல்லாம் அதே படத்துல திணிக்காதீங்க. அதை ரெண்டாவது படமா போடுங்க. எழுத்து போதுமான பெருசுதானானு தெரிஞ்சுக்க, படத்தை முழுத்திரையில வெச்சு, கையை நீட்டிப் பிடிச்சுப் படிங்க. உங்களுக்கே கண்ணு சுருங்கினா, தாத்தாவுக்கு நிச்சயம் தெரியாது.

அழகு பண்றேன்னு எழுத்தை வளைக்கிறது, எழுத்துக்கு நடுவுல இடைவெளி கூட்டுறது ரெண்டையும் ஜாக்கிரதையா செய்யுங்க. ஆங்கிலத்துக்கு அது சரி. தமிழ்ல கொம்பும் காலும் தனித்தனியாப் பிரிஞ்சு போகும், புள்ளி பக்கத்து எழுத்து மேல போய் உட்காரும், சில சமயம் வெறும் புள்ளி வட்டம் ஒண்ணு முளைக்கும். அதைக் கண்டுபிடிக்க ஒரு சின்ன டெஸ்ட் இருக்கு. 'கொ', 'கௌ', 'ணை', 'தூ', 'ஸ்ரீ' இந்த அஞ்சையும் நீங்க எடுத்த ஃபான்ட்டுல அடிச்சுப் பாருங்க. அஞ்சும் சரியா வந்தா தைரியமா இறங்கலாம். 'ஸ்ரீ' மட்டும் பிரிஞ்சு நின்னா, பக்கத்துல இருக்கிற வேற ஃபான்ட்டுக்குத் தாவிடுங்க.

இதுக்கப்புறம்தான் உண்மையான பரீட்சை. அனுப்பறதுக்கு முன்னாடி, ஆங்கில தேதி, தமிழ் தேதி, கிழமை மூணும் ஒண்ணுக்கொண்ணு பொருந்துதானு தினசரி காலண்டர் வெச்சு சரிபாருங்க. முகூர்த்தம் 4.30 முதல் 6-ன்னா அது அதிகாலைனு எழுத்துல இருக்கணும், இல்லைன்னா பாதிப் பேர் சாயங்காலம் வந்து நிப்பாங்க. பேருக்கும் இனிஷியலுக்கும் ரெண்டு வீட்டுலயும் ஒருத்தர் படிச்சு ஓ.கே. சொல்லணும். எங்க வீட்டுல ஒரு கல்யாணத்துல அத்தை பேரு விட்டுப்போனதுக்கு இன்னிக்கும் பேச்சு ஓடிட்டிருக்கு! நீங்க போட்ட படத்தை நீங்க அழிச்சிடலாம். ஆனா அதுக்குள்ள ஒருத்தர் டவுன்லோட் பண்ணி ஃபார்வர்டு பண்ணிட்டா, அந்தப் பிரதி ஊர் ஊராச் சுத்தும், யாராலயும் திரும்பக் கூப்பிட முடியாது.

சரி, அனுப்பலாமா? வாட்ஸ்அப் படத்தை வாங்கினதுமே சுருக்கிடும், முதல்ல அடிபடறது சின்ன எழுத்து. அதனால படம் அனுப்பும்போது மேலே தெரியற 'HD'யைத் தொட்டுட்டு அனுப்புங்க, இது 2023-ல வந்த வசதி. பிரின்ட் போடப் போறவங்களுக்கு மட்டும் 'Document'னு அனுப்புங்க, துளிகூட சுருங்காது. பெரியவங்க குரூப்புக்கு டாக்குமென்ட் வேண்டாம், அதைத் திறந்து பார்க்கணும்கிறதே நிறையப் பேருக்குத் தோணாது.

மண்டபத்துக்கு வழி காட்டறேன்னு படத்துக்குள்ள க்யூ.ஆர். கோடு போடறது இப்ப ஃபேஷன். ஆனா தன் போன்ல தெரியற கோடை, அதே போனைத் தூக்கிக் காட்டி எப்படி ஸ்கேன் பண்றது? கோடு, அச்சடிச்ச அட்டைக்குத்தான். வாட்ஸ்அப்ல, கூகுள் மேப்ஸ் லிங்க்கை எடுத்துப் படத்துக்குக் கீழே வர்ற வரியில ஒட்டுங்க, ஒரே தொடுதல்ல வழி கிடைச்சிடும்.

கடைசியா ஒண்ணு. பிக்ஸல்லேப்ல வேலை முடிஞ்சதும் படமா மட்டும் சேமிக்காம, 'Project' ஆகவும் சேமிச்சு வைங்க. படத்துல எழுத்தை மாத்த முடியாது, ப்ராஜெக்ட்ல முடியும். அதே தோரணம், அதே ஃபான்ட், வாசகத்தை மட்டும் மாத்தினா பொங்கல் வாழ்த்து ரெடி. அடுத்த முகூர்த்தத்துக்கு சித்தப்பா கூப்பிடுறப்போ பத்து நிமிஷத்துல முடிச்சுக் குடுத்துட்டு, பந்தியில முதல் வரிசையில இடம் கேளுங்க. நிச்சயம் கிடைக்கும்!