எனக்கு உண்டு, என்னிடம் இல்லை

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, மலையடிவாரத்தில், செண்பகத்தோப்பு என்று வழங்கும் பிரதேசத்தில், காட்டின் விளிம்பு வரையில் மாந்தோப்புகளும் தென்னந்தோப்புகளும் பரவிக் கிடக்கின்றன. அங்கே பிதுரார்ஜிதமாகச் சில ஏக்கர் மாந்தோப்பு உள்ள ஒருவர், ராஜபாளையத்தில் குடியிருந்துகொண்டு, மரங்கள் பூக்கும் சமயத்தில் தோப்பைக் குத்தகைக்கு விட்டுவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். காய் இறங்கும் பருவத்தில் கல்யாண வீட்டில் ஓர் உறவினர் அவரைப் பார்த்து, "உங்களுக்குத் தோப்பு இருக்குல்லா மாமா, ஒரு கூடை மாம்பழம் அனுப்பக்கூடாதா?" என்று கேட்கிறார். "எனக்குத் தோப்பு உண்டு மாப்பிள்ளை, ஆனா இப்ப எங்கிட்ட இல்லயே, குத்தகைக்காரர்கிட்டல்லா இருக்கு" என்று அவர் விடை சொல்கிறார். உண்டு என்றும் இல்லை என்றும் ஒரே மூச்சில் சொன்ன அந்த வாக்கியத்தில் முரண்பாடு இருப்பதாகக் கேட்டவருக்குத் தோன்றுவதே இல்லை.

இந்தச் சிறிய சம்பாஷணையில் தமிழ் வாக்கியத்தின் ஒரு மூலாதாரமான சுபாவம் அடங்கியிருக்கிறது. ஆங்கிலத்தில் உடையவனே எழுவாய். அவன் ஒரு பொருளை உடையவனாயிருக்கும் செயல் பயனிலை. பொருளோ அந்தச் செயலுக்கு ஆட்பட்ட செயப்படுபொருள். தமிழில் பொருளே எழுவாயாக வந்து, தான் இருப்பதாக அறிவிக்கிறது. மனிதன் நான்காம் வேற்றுமையையோ ஏழாம் வேற்றுமையையோ ஏற்றுக்கொண்டு, அந்த இருப்பு யாரைச் சார்ந்தது என்பதை மட்டும் காட்டி ஒதுங்கி நிற்கிறான். இதற்குச் சாட்சி வினைமுற்றின் விகுதி. 'எனக்கு இரண்டு மகன்கள் இருக்கிறார்கள்' என்கிறோம். 'எனக்கு ஒரு தோப்பு இருக்கிறது' என்கிறோம். இரண்டிலும் உடையவன் நானே ஆயினும், வினை 'இருக்கிறேன்' என்று எனக்கு இயைந்து முடியாமல், மகன்களுக்கும் தோப்புக்கும் இயைந்து முடிகிறது. 'உண்டு' என்பதோ இந்த இயைபையும் கடந்தது. வேறு, இல்லை, உண்டு என்னும் மூன்றும் ஐந்து பாலுக்கும் மூன்று இடத்துக்கும் பொது என்று நன்னூலார் சொல்லிவைத்தார். அது காலமும் காட்டாது. ஆகையால்தான், மாறாத சம்பந்தத்தைச் சொல்ல அது அவ்வளவு பொருத்தமாக அமைகிறது.

உடைமை என்பது ஒரே தன்மையான சம்பந்தம் அன்று; அதன் வகையை வேற்றுமை உருபு பிரித்துக் காட்டுகிறது. செண்பகத்தோப்பை ஒட்டிய காட்டில், 1988-ஆம் வருஷத்தில் சரணாலயம் ஏற்பட்டதற்குக் காரணமாயிருந்த சாம்பல் நிற அணிலையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த அணிலுக்கு நீண்ட வால் உண்டு. அது கொய்து பற்றிக்கொண்டிருக்கும் மாங்காயோ அணிலிடம் இருக்கிறது. 'அணிலிடம் நீண்ட வால் இருக்கிறது' என்று ஒருவர் சொன்னால், எங்கோ அறுந்து கிடந்த ஒரு வாலை அது எடுத்துவந்துவிட்டதோ என்று கேட்பவர் திகைப்பார். உறுப்பு, உறவு, நோய், பசி, வயது, உரிமை இவையெல்லாம் 'கு' உருபைத் தேடுகின்றன. கையில் இருப்பது, காவலில் இருப்பது, கைமாறக்கூடியது 'இடம்' என்பதைத் தேடுகிறது. மரத்தில் காய் இருக்கிறது என்றே சொல்கிறோமன்றி மரத்திடம் என்று சொல்வதில்லை. 'இடம்' மனிதரோடும் பிராணிகளோடும் நின்றுவிடும்.

உருபு மாறினால் சம்பந்தமே மாறிவிடும். 'எனக்கு நான்கு பிள்ளைகள் இருக்கிறார்கள்' என்பவர் தகப்பனார். 'என்னிடம் நான்கு பிள்ளைகள் இருக்கிறார்கள்' என்பவர் வாத்தியாராகவோ, ஊருக்குப் போன தங்கையின் மக்களைப் பார்த்துக்கொள்ளும் தாய்மாமனாகவோ இருத்தல் வேண்டும். நம் இலக்கண ஆசிரியர்கள் ஆறாம் வேற்றுமையை விளக்கும் இடத்தில், பிரிக்கவொண்ணாத தற்கிழமை என்றும், பிரிந்து நிற்பதாகிய பிறிதின்கிழமை என்றும் வகுத்த பாகுபாடு இதற்கு நெருங்கிய உறவுடையது. ஆயினும் இரண்டும் ஒன்றே என்று கொள்வதற்கில்லை. தோப்பு மனிதனினின்றும் பிரிந்து நிற்கும் பொருள். பிறிதின்கிழமைக்கு அது தக்க உதாரணம். அப்படியிருந்தும் உரிமையைக் குறிக்கையில் 'எனக்கு' என்றே வருகிறது. உடம்போடு ஒட்டியது எதுவோ அதை மட்டுமன்றி, நியாயத்தால் ஒட்டியதையும் 'கு' தன்பால் சேர்த்துக்கொள்கிறது.

பத்திரம் எழுதுவோர் இதை நன்றாக அறிவார்கள். கிரயப் பத்திரங்களில், சொத்து 'எனக்குப் பாத்தியப்பட்டது' என்று ஒரு முறையும், 'என் சுவாதீனத்தில் இருந்துவருவது' என்று மற்றொரு முறையும் எழுதுவது வழக்கம். சலிப்பூட்டும் கூறியது கூறல் என்று சிலர் எண்ணுகிறார்கள். என் அபிப்பிராயத்தில் அது இன்றியமையாத பிரிவினை. முதலாவது 'எனக்கு', இரண்டாவது 'என்னிடம்'. ஒத்திக்கு விடப்பட்ட நிலத்தில் பாத்தியம் ஒருவருக்கும் சுவாதீனம் வேறொருவரிடமும் இருக்கும். கடன் தீர்ந்து ஒத்தி மீட்கப்படும் நாளில்தான் இரண்டும் ஒருவர்பால் வந்து சேரும்.

இந்த வாக்கிய அமைப்பிலிருந்து தமிழருக்குப் பொருட்பற்று இயல்பாகவே குறைவு என்று தத்துவம் பேசுவோரும் உண்டு. அதை நான் ஏற்பதற்கில்லை. ருஷ்ய மொழியும் ஹிந்தியும் இருத்தல் வினையைக்கொண்டே உடைமையைச் சொல்லுகின்றன. பண்டைய லத்தீனில் 'எனக்கு இருக்கிறது' என்ற அமைப்பும், பற்றியிருத்தலைக் குறித்த வினையும் ஒருங்கே வழங்கின. அதன் வழிவந்த பிரெஞ்சு பிற்காலத்தில் இரண்டாவதையே கைக்கொண்டது. பிரெஞ்சு மொழியறிஞர் பென்வனிஸ்த் 1960-இல் எழுதிய கட்டுரையில், உலக மொழிகளை நோக்குமிடத்து இருத்தல் வினையால் உடைமை சொல்வதே மிகுதி என்று எடுத்துக்காட்டினார். தமிழிலும் 'உடை' என்னும் பழைய வினையடி இருந்து, உடைத்து, உடையர் என்று முற்றாகவே நடந்தது. இன்று உடையவர், உடைமை என்ற பெயர்களிலும் 'உடைய' என்ற உருபிலும் தங்கியிருக்கிறது. பேச்சில் 'கடை வைத்திருக்கிறார்', 'ஆடு வைத்திருக்கிறார்' என்னும்போது மனிதனே எழுவாயாகிறான். ஆனால் அது முயன்று நடத்துவதையும் பேணுவதையும் சொல்லுமேயன்றி, 'காய்ச்சல் வைத்திருக்கிறேன்' என்றோ 'அண்ணன் வைத்திருக்கிறேன்' என்றோ நீளாது.

ஆகவே மொழிபெயர்ப்புகளில் 'அவர் இரண்டு மகள்களைக் கொண்டிருக்கிறார்' என்று படிக்கும்போது எனக்கு உண்மையாகவே மனம் வருந்துகிறது. இந்தப் பிழையைக் கண்டுகொள்ளும் வழி எளிது: வினை யாரோடு இயைகிறது என்று பார்த்தால் போதும், உடையவரோடு இயைந்து, பொருள் இரண்டாம் வேற்றுமை ஏற்றிருந்தால், பெரும்பாலும் அங்கே வேற்று மொழியின் வாக்கியம் ஒளிந்திருக்கிறது. 'நூல் பத்து அத்தியாயங்களைக் கொண்டது' என்பது போல, ஒரு முழுமை தன் பகுதிகளை உள்ளடக்குவதைச் சொல்லுமிடத்தில் மட்டும் அந்தப் பிரயோகம் தகும்.

இதைக் காட்டிலும் நுட்பமாகப் புகுந்துவருவது உருபு மாற்றம். 'என்னிடம் நேரமில்லை', 'என்னிடம் ஒரு சந்தேகம் இருக்கிறது' என்று இளைஞர் பலர் எழுதுகிறார்கள். வினை சரியாகவே இருக்கிறது. ஆனால் நேரமும் சந்தேகமும் பையில் கிடக்கும் பொருள்கள் ஆகிவிடுகின்றன. 'எனக்கு நேரமில்லை', 'எனக்கு ஒரு சந்தேகம்' என்பனவே வழக்கு. பின்னதில் 'இருக்கிறது' என்பதும் வேண்டியதில்லை. யோசனை மட்டும் இரு பக்கமும் நிற்கும்: மனத்தில் எழுந்த அளவில் 'எனக்கு ஒரு யோசனை', பிறருக்கு எடுத்துக்கொடுக்க ஆயத்தமாயிருக்கையில் 'என்னிடம் ஒரு யோசனை இருக்கிறது'.